பொட்டலக் கூற்றுகளைச் சரிபார்த்தல்: ஒரு பால்கோவா டப்பாவை முன்வைத்து

உணவுப் பொட்டலத்தின் மீது அச்சிடப்படும் "சுத்தமான", "அசல்", "பாரம்பரிய", "புரதம் நிறைந்த" போன்ற வாசகங்கள் பொதுவாகக் கூற்றுகள் எனப்படுகின்றன. இவற்றில் சில சட்டப்படி வரையறை உள்ளவை. சில அளந்து பார்க்கக்கூடியவை. வேறு சில, யாராலும் மெய்ப்பிக்கவோ பொய்ப்பிக்கவோ முடியாதவை. பொட்டலத்தின் ஒளிப்படங்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இவற்றைப் பிரித்தறிவதும், பிரித்தறிந்ததை மிகைப்படுத்தாமல் ஒரு விமர்சனமாக எழுதுவதும் எப்படி என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. விருதுநகர் மாவட்டத்தின் அடையாளமாகிவிட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா இதற்கு எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

பால்கோவாவைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அதன் மூலப்பொருள்கள் இரண்டே: பால், சர்க்கரை. இரண்டே பொருள் உள்ள பண்டத்தில் கணக்குப் போட்டுப் பார்ப்பது எளிது. இருபது பொருள் கலந்த பிஸ்கட்டிலோ சத்துமாவிலோ இது கடினம். மேலும், இதன் பெயரிலேயே ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊர்ப்பெயரே ஒரு கூற்றுதான்.

ஒளிப்படம் எடுக்கும் முறை

முன்பக்கத்தை மட்டும் படம் எடுப்பது பயன் தராது. நிறுவனம் சொல்ல விரும்புவது முன்பக்கத்தில் இருக்கும். சட்டம் சொல்லச் சொல்வது பின்பக்கத்திலோ பக்கவாட்டிலோ அடிப்பக்கத்திலோ இருக்கும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இவ்வேலையின் சாரம். ஆகவே பெட்டியின் ஆறு பக்கங்களையும், மூடியையும், உள்ளே தனி உறை இருந்தால் அதையும் படம் எடுக்க வேண்டும். தயாரித்த நாள், தொகுதி எண், விலை ஆகியவை பெரும்பாலும் அச்சடித்த பிறகு மையால் குத்தப்படுகின்றன. அவை எளிதில் அழிந்துவிடும் என்பதால், பெட்டியைத் திறக்கும் முன்பே அவற்றை நெருக்கமாகப் படம் பிடிப்பது நல்லது.

பளபளப்பான உறையில் விளக்கொளி பட்டால் எழுத்து மறைந்துவிடும். ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில், பெட்டியைச் சற்றே சாய்த்து வைத்து எடுத்தால் போதும். நட்சத்திரக் குறியிட்ட வாசகம் இருந்தால், அந்தக் குறி எந்த அடிக்குறிப்புக்குப் போகிறது என்பதையும் தேடிப் பிடிக்க வேண்டும். பெரிய எழுத்தில் கொடுத்ததைச் சிறிய எழுத்தில் திரும்ப வாங்கிக்கொள்வது வழக்கமாக அங்கேதான் நடக்கிறது.

இணையக் கடைகளில் காணப்படும் பொருட்படங்களை நம்பி விமர்சனம் எழுதக் கூடாது. அவை பழைய அச்சின் படங்களாகவோ கணினியில் வரைந்த மாதிரிகளாகவோ இருக்கக்கூடும். கையில் வந்த பொட்டலத்தின் படமே சான்று.

படம் எடுத்த பின், ஒவ்வொரு வாசகத்தையும் ஒரு எழுத்தும் மாற்றாமல் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். இது சிறுபிள்ளைத்தனமான வேலையாகத் தோன்றினாலும் தவிர்க்க முடியாதது. "பசும்பாலில் செய்தது" என்பதும் "பசும்பால் சேர்த்தது" என்பதும் படிக்கும்போது ஒன்றுபோல் ஒலிக்கும். பொருளில் வெகுதூரம் விலகி நிற்கும்.

சட்டம் வரையறுத்த சொற்கள்

இந்தியாவில் உணவுக் கூற்றுகளைக் கட்டுப்படுத்துவது 2018-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் (விளம்பரம் மற்றும் கூற்றுகள்) ஒழுங்குமுறைகள். லேபிளில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை 2020-ஆம் ஆண்டின் லேபிளிடல் மற்றும் காட்சிப்படுத்தல் ஒழுங்குமுறைகள் கூறுகின்றன. முதலாவதில் பலருக்கும் தெரியாத ஒரு பகுதி உண்டு. அன்றாடம் பெட்டிகளில் காணும் சில பெயரடைகளுக்கு அது பொருள் வரையறுக்கிறது.

"சுத்தமான" என்ற சொல்லை, வேறெதுவும் சேராத ஒற்றைப் பொருள் உணவுக்கே பயன்படுத்தலாம். பல பொருள் சேர்ந்த உணவை அப்படி அழைக்கக் கூடாது. சுத்தமான பொருள்களால் செய்யப்பட்டது என்று வேண்டுமானால் சொல்லலாம், அதுவும் அப்பொருள்கள் அந்த வரையறைக்குள் வந்தால்தான். ஆக, "சுத்தமான பால்கோவா" என்பது தவறு. "சுத்தமான பசும்பாலில் செய்த பால்கோவா" என்பது சரியாக இருக்கக்கூடும். ஒரு சொல் இடம் மாறியதில் இவ்வளவு வேறுபாடு.

"பாரம்பரிய" என்பதற்கு, தலைமுறைகளாக இருந்துவரும் செய்முறை, அடிப்படையில் மாறாமல் தொடர்வது என்று காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். வீட்டுச் சமையலறையில் செய்யாத பண்டத்தை "வீட்டில் செய்தது" என்று சொல்லக் கூடாது. இத்தகைய சொற்கள் நிறுவனத்தின் வணிகப் பெயரிலேயே வந்துவிட்டால், அது வெறும் வணிகப் பெயர்தான், பொருளின் உண்மைத் தன்மையைக் குறிக்காது என்ற அறிவிப்பை லேபிளில் இட வேண்டும். ஒளிப்படத்தைப் பெரிதாக்கித் தேடினால் பல பெட்டிகளில் இந்த அறிவிப்பு ஒரு மூலையில் ஒதுங்கியிருப்பதைக் காணலாம்.

சத்துக் கூற்றுகளுக்கு எண்களே உண்டு. திட உணவில் ஒரு நாள் தேவையில் 10 விழுக்காட்டுப் புரதம் 100 கிராமில் இருந்தால் "புரதத்தின் மூலம்" எனலாம்; "புரதம் நிறைந்தது" என்று சொல்ல 20 விழுக்காடு வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையில் வயது வந்த ஆணுக்கான புரதத் தேவை நாளொன்றுக்கு 54 கிராம். எனவே முதல் கூற்றுக்கு 5.4 கிராமும், இரண்டாவதற்கு 10.8 கிராமும் தேவைப்படும்.

எந்த வரையறையும் இல்லாத வாசகங்களும் ஏராளம். "உடலுக்கு உற்சாகம்", "அன்பின் சுவை", "ஒவ்வொரு வாயிலும் ஆரோக்கியம்" ஆகியவற்றை எந்த ஆய்வகமும் அளக்க முடியாது. "ஆரோக்கிய பானம்" என்ற சொல் இதற்குப் பெயர்போன எடுத்துக்காட்டு. 2023 ஏப்ரலில் ரேவந்த் ஹிமத்சிங்கா என்பவர் போர்ன்விட்டாவின் சர்க்கரை அளவைச் சுட்டிக்காட்டி ஒரு காணொளி வெளியிட்டார். நிறுவனத்தின் வழக்கறிஞர் அறிவிப்பு வந்தபின் அதை நீக்கி வருத்தமும் தெரிவித்தார். ஆனால் விவாதம் அடங்கவில்லை. தேசிய குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் விசாரித்தது. அந்த ஆண்டின் இறுதியில் நிறுவனம் சேர்க்கும் சர்க்கரையைக் குறைத்தது. 2024 ஏப்ரலில் ஒன்றிய வணிகத்துறை அமைச்சகம், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் "ஆரோக்கிய பானம்" என்ற வரையறையே இல்லை என்று கூறி, இத்தகைய பானங்களை அந்தத் தலைப்பின்கீழ் விற்க வேண்டாமென இணையக் கடைகளுக்கு அறிவுறுத்தியது.

சட்டமே தடுமாறும் இடங்களும் உண்டு. பால் பொருள்களில் "ஏ1", "ஏ2" என்று குறிப்பிடுவதை நீக்கும்படி 2024 ஆகஸ்ட் 21 அன்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் உத்தரவிட்டது. ஐந்தே நாளில் அதைத் திரும்பப் பெற்றது. ஆகவே பால்கோவாப் பெட்டியில் "ஏ2 பால்" என்று கண்டால் அதைச் சட்டவிரோதம் என்று எழுதிவிடக் கூடாது. பொட்டலத்தில் சான்று எதுவும் தரப்படவில்லை என்று எழுதுவதே சரி.

ஊர்ப்பெயர் என்னும் கூற்று

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற பெயர் ஒன்றைப் பயன்படுத்தும் உரிமை, பதிவு செய்த அமைப்புக்கும் அதன்கீழ் அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிந்துகொண்ட உற்பத்தியாளர்களுக்கும் உரியது. பதிவகம் சென்னையில் கிண்டியில் உள்ளது. அதன் இணையதளத்தில் ஒவ்வொரு குறியீட்டின் விண்ணப்பமும், எல்லை வரைபடமும், பயனர் பட்டியலும் தேடிப் பார்க்கக் கிடைக்கின்றன.

பெட்டியில் முதலில் தேட வேண்டியது தயாரிப்பாளர் முகவரி. "தயாரித்தவர்", "பொட்டலமிட்டவர்", "சந்தைப்படுத்துபவர்" என்ற மூன்றும் வெவ்வேறு. முன்பக்கத்தில் ஆண்டாள் கோயில் கோபுரமும் ஸ்ரீவில்லிபுத்தூர் பெயரும் பெரிதாக இருக்க, தயாரித்தவர் முகவரி வேறு மாவட்டத்தில் இருந்தால், அந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும், விளக்கம் தேவையில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரின் அஞ்சல் எண் 626125, ராஜபாளையத்தினுடையது 626117. அஞ்சல் எண் மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது அவசரம். ஒரு பெட்டியில் மகாராஜபுரம் போன்ற சுற்றுவட்டாரச் சிற்றூரின் முகவரி இருந்தால், அது "ஸ்ரீவில்லிபுத்தூர் இல்லை" என்று தள்ளிவிடக் கூடாது. குறியீட்டின் எல்லைக்குள் அந்த ஊர் வருகிறதா என்பதைப் பதிவு வரைபடத்தில் பார்த்த பிறகே எழுத வேண்டும்.

அடுத்து 14 இலக்க உரிம எண். முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் சிறு தொழிலுக்கான பதிவு. அடுத்த இரண்டு இலக்கங்கள் மாநிலத்தையும் அதற்கடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். தமிழ்நாட்டுக்கு உரிய மாநில எண் 24. `foscos.fssai.gov.in` தளத்தில் இந்த எண்ணை இட்டால் யார் பெயரில், எந்த முகவரிக்கு, எந்த வகை உணவுக்கு உரிமம் தரப்பட்டது என்பது தெரியும். இங்கு ஒரு பொதுவான பிழை நேர்கிறது. உரிம எண் இருப்பதையே தரச் சான்றாகப் பலர் எடுத்துக்கொள்கின்றனர். தொழில் நடத்த அனுமதி உண்டு என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்வதில்லை. குறிப்பிட்ட டப்பாவில் இருக்கும் கோவாவை யாரும் சோதித்ததாக அதற்குப் பொருள் இல்லை.

செய்முறைக் கணக்கு

ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு: 10 லிட்டர் பசும்பாலுக்கு ஒன்றேகால் கிலோ சர்க்கரை, சுண்டக் காய்ச்சினால் ஏறத்தாழ மூன்றேகால் கிலோ பால்கோவா. இந்த அளவு பொருந்துகிறதா என்று பார்ப்போம்.

10 லிட்டர் பாலின் எடை சுமார் 10.3 கிலோ. பசும்பாலில் புரதம் 3.2 விழுக்காடு, கொழுப்பு 4, பால்சர்க்கரை 4.6, தாது உப்புகள் 0.7 என்று தோராயமாகக் கொள்ளலாம். ஆக 10.3 கிலோ பாலில் புரதம் 330 கிராம், கொழுப்பு 412, பால்சர்க்கரை 474, தாது 72. மொத்தம் 1,288 கிராம் திடப்பொருள். சேர்த்த சர்க்கரை 1,250 கிராம். இரண்டும் சேர்ந்து 2,538 கிராம். மூன்றேகால் கிலோவில் மீதி 700 கிராமுக்குச் சற்று மேல், அதாவது 22 விழுக்காடு, நீர். கிளறி இறக்கிய மென்மையான கோவாவுக்கு இது பொருத்தமான ஈரம். கணக்கு நிற்கிறது.

இதை 100 கிராமுக்கு மாற்றினால், புரதம் 10, கொழுப்பு 12.7, மாவுச்சத்து 53 (அதில் சேர்த்த சர்க்கரை 38.5), ஆற்றல் ஏறத்தாழ 367 கிலோகலோரி. ஆற்றலைக் கணக்கிடும் சூத்திரம் எளியது:

```
ஆற்றல் = 4 × புரதம் + 4 × மாவுச்சத்து + 9 × கொழுப்பு
```

இந்த எண்கள் ஓர் அளவுகோல் மட்டுமே. பசுவின் இனம், தீவனம், பருவம் எல்லாவற்றையும் பொறுத்துப் பாலின் கொழுப்பு மாறும். சர்க்கரை கூடக் குறையச் சேர்ப்பதும் கடைக்குக் கடை வேறுபடும். ஆனால் பாலின் கொழுப்புக்கும் புரதத்துக்கும் இடையிலான விகிதம் அவ்வளவு தாராளமாக மாறாது. பசும்பாலில் அது 1.25-ஐ ஒட்டியும், எருமைப்பாலில் 1.75-ஐ ஒட்டியும் இருக்கும். பாலைச் சுண்டக் காய்ச்சுவதாலும் சர்க்கரை சேர்ப்பதாலும் இந்த விகிதம் மாறுவதில்லை. லேபிளில் இருந்து பாலைப் பற்றிச் சொல்லக்கூடிய மிகப் பயனுள்ள ஒற்றை எண் இதுவே.

ஒரு மாதிரிப் பெட்டி

பின்வரும் பெட்டி விளக்கத்துக்காக அமைக்கப்பட்டது. எந்த நிறுவனத்தையும் குறிப்பதல்ல. 250 கிராம் டப்பா. முன்பக்கத்தில் "பாரம்பரிய பால்கோவா. சுத்தமான பசும்பாலில் செய்தது. புரதம் நிறைந்தது. பதப்படுத்தும் பொருள்கள் சேர்க்கப்படவில்லை" என்று உள்ளது. பின்பக்கத்தில் சேர்பொருள்கள்: சர்க்கரை, பால், பால் பவுடர், ஏலக்காய். 100 கிராமுக்குப் புரதம் 6.2, மாவுச்சத்து 61, சேர்த்த சர்க்கரை 52, கொழுப்பு 12, ஆற்றல் 377 கிலோகலோரி. பரிமாறும் அளவு 15 கிராம். தயாரித்த நாளில் இருந்து 60 நாட்களுக்குள் உண்ணலாம்.

முதலில் லேபிள் தனக்குத்தானே ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். 6.2-ஐயும் 61-ஐயும் நான்கால் பெருக்கினால் 24.8, 244. கொழுப்பு 12-ஐ ஒன்பதால் பெருக்கினால் 108. கூட்டினால் 376.8. அச்சிட்ட 377-உடன் பொருந்துகிறது. சில லேபிள்கள் இந்த முதற்படியிலேயே தோற்றுப்போகும். அப்படியானால் மற்ற எண்களை நம்பி மேலே கணக்குப் போடுவதில் பயனில்லை.

அடுத்தது சேர்பொருள் வரிசை. தயாரிக்கும்போது இருந்த எடையின் இறங்குவரிசையில் சேர்பொருள்களை எழுத வேண்டும் என்பது விதி. இங்கே சர்க்கரை முதலில் நிற்கிறது. 100 கிராமில் சேர்த்த சர்க்கரை 52 கிராம் என்றால், அடுத்து நிற்கும் பால் 52 கிராமுக்கு மேல் இருக்க முடியாது. வட்டாரச் செய்முறையிலோ ஒரு பங்கு சர்க்கரைக்கு எட்டுப் பங்குக்கும் மேல் பால் போகிறது. 52 கிராம் பால் தரக்கூடிய புரதம் 1.7 கிராம்தான். மீதி 4.5 கிராம் பால் பவுடரில் இருந்தே வந்திருக்க வேண்டும். அதாவது, லேபிளை அப்படியே நம்பினால், இந்தப் பண்டத்தின் பால்பகுதியில் பெரும்பங்கு பவுடர். "பசும்பாலில் செய்தது" என்ற முன்பக்க வாசகத்தை அதே பெட்டியின் பின்பக்கம் ஆதரிக்கவில்லை.

இங்கு ஒரு எச்சரிக்கை. சில பெட்டிகளில் "பால்" என்பதற்குப் பதில் "பால் திடப்பொருள்" என்று அச்சிட்டிருக்கும். மேலே கண்ட கணக்கில் பால் திடப்பொருள் 1,288 கிராம், சர்க்கரை 1,250 கிராம், கிட்டத்தட்டச் சமம். சர்க்கரை கொஞ்சம் கூடினாலே அது வரிசையில் முதலிடம் பிடித்துவிடும். அத்தகைய பெட்டியில் சர்க்கரை முதலில் இருப்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

மூன்றாவது, கொழுப்பு-புரத விகிதம். 12-ஐ 6.2-ஆல் வகுத்தால் 1.94. பசும்பாலுக்கு மிக அதிகம், எருமைப்பாலையும் தாண்டுகிறது. பவுடர் முழுக்கொழுப்புப் பவுடராக இருந்திருந்தால் என்று பார்த்தால், 4.5 கிராம் புரதத்துக்குச் சுமார் 17 கிராம் பவுடர் தேவை. அது தரும் கொழுப்பு ஏறத்தாழ 4.5 கிராம். 52 கிராம் பாலின் கொழுப்பு 2 கிராம். மொத்தம் ஆறரை. கொழுப்பு நீக்கிய பவுடராக இருந்தால் இரண்டரைகூடத் தேறாது. லேபிளில் இருப்பதோ 12. எஞ்சிய ஐந்தரை கிராம் எங்கிருந்து வந்தது என்பதற்குச் சேர்பொருள் பட்டியலில் விடை இல்லை. நெய்யாக இருக்கலாம், தாவரக் கொழுப்பாக இருக்கலாம், அல்லது சத்து அட்டவணையை வேறொரு பண்டத்தில் இருந்து அப்படியே எடுத்து அச்சிட்டிருக்கலாம். கடைசியாகச் சொன்னது சிறு உற்பத்தியாளர்களிடம் நடக்கக்கூடியதே. எது என்று ஒளிப்படத்தை வைத்துச் சொல்ல முடியாது. இந்த இடத்தில் "வனஸ்பதி கலப்படம்" என்று எழுதுபவர் தனக்குத் தெரியாததை எழுதுகிறார்.

"புரதம் நிறைந்தது" என்பது எளிதில் விழுகிறது. 6.2 கிராம் "புரதத்தின் மூலம்" என்ற வரம்பைக் கடக்கிறது, "நிறைந்தது" என்பதற்கான 10.8-ஐ எட்டவில்லை. சுவையான செய்தி என்னவென்றால், வட்டாரச் செய்முறைப்படி முழுக்கப் பாலில் செய்த கோவாவும் 10 கிராமில் நின்று, நூலிழையில் அந்த வரம்புக்குக் கீழேயே இருக்கிறது. நல்ல பால்கோவாவுக்கும் இந்தக் கூற்று பொருந்தாது.

பதப்படுத்தும் பொருள் இல்லை என்பதும், 60 நாள் கெடாது என்பதும் முதல் பார்வையில் முரணாகத் தோன்றும். ஆனால் நிறுவனத்தின் பக்கம் நியாயம் இருக்கக்கூடும். இந்த லேபிள்படி நீர் 20 விழுக்காட்டுக்கும் குறைவு. அதில் சர்க்கரை மிக அடர்த்தியாகக் கரைந்துள்ளது. ஊறுகாயில் உப்பு செய்வதை இங்கே சர்க்கரை செய்கிறது: நுண்ணுயிர்களுக்கு வேண்டிய நீரைக் கட்டிப்போடுகிறது. காற்றுப் புகாமல் அடைத்தால் பூஞ்சையும் தாமதமாகும். சேர்பொருளில் 200, 202, 211 போன்ற எண்கள் (சோர்பிக் அமிலம், பொட்டாசியம் சோர்பேட், சோடியம் பென்சோயேட்) இல்லாதவரை, இந்தக் கூற்று லேபிளுடன் முரண்படவில்லை என்றே எழுத வேண்டும். உண்மையா என்பது ஆய்வகத்துக்கு உரிய கேள்வி.

பரிமாறும் அளவில்தான் பெரிய மறைப்பு. 15 கிராம் என்பது ஏறத்தாழ ஒரு மேசைக்கரண்டி அளவு. அதற்குச் சேர்த்த சர்க்கரை 7.8 கிராம், நாளொன்றுக்கு லேபிள் விதிகள் அடிப்படையாகக் கொள்ளும் 50 கிராமில் 16 விழுக்காடு என்று அச்சிடலாம். ஆனால் டப்பாவைத் திறந்தவர் ஒரு மேசைக்கரண்டியோடு மூடி வைப்பது அரிது. 50 கிராம் சாப்பிட்டால் 26 கிராம் சர்க்கரை, 52 விழுக்காடு. எண் பொய்யல்ல, அளவுதான் வசதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

படத்துக்கு அப்பால்

டப்பா கையில் இருந்தால் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. சிறிதளவு கோவாவை நீரில் கொதிக்கவைத்து, நன்றாக ஆறவிட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் அயோடின் கரைசல் இரண்டு மூன்று சொட்டு விட வேண்டும். நீலநிறம் தோன்றினால் மாவுப்பொருள் சேர்ந்துள்ளது. சூடாக இருக்கும்போது விட்டால் நிறம் தோன்றாது. பலர் இங்கே தவறுகிறார்கள். அருகிலேயே வெறும் பாலில் ஒன்றும், அரிசிக் கஞ்சியில் ஒன்றும் செய்து மூன்றையும் ஒரே படத்தில் எடுத்தால் நிறத்தைப் பற்றிய ஐயம் எழாது. அந்த மாதிரிப் பெட்டியின் பட்டியலில் மாவு இல்லை என்பதால், நீலம் தோன்றினால் அது எழுதத்தக்க செய்தி. தோன்றாவிட்டால், மாவு தென்படவில்லை என்பது மட்டுமே பொருள். கொழுப்பைப் பற்றியோ பவுடரைப் பற்றியோ இச்சோதனை எதுவும் சொல்லாது.

கொழுப்பின் மூலத்தை அறிய ஆய்வகமே வழி. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டத்தின் 40-ஆம் பிரிவு, பொருளை வாங்கிய எவரும் கட்டணம் செலுத்தி அதை உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கத் தரலாம் என்கிறது. ஒரு நிபந்தனை உண்டு: சோதனைக்குத் தரப்போவதாக வாங்கும்போதே கடைக்காரரிடம் தெரிவிக்க வேண்டும். வீட்டுக்குப் போய்ச் சந்தேகம் வந்த பிறகு இந்த வழி அதே டப்பாவுக்குத் திறக்காது. மீண்டும் ஒன்று வாங்க வேண்டும்.

விமர்சனத்தை எழுதுதல்

நேர்மையான விமர்சனத்தில் மூன்று வகை வாக்கியங்கள் கலக்காமல் இருக்க வேண்டும்: பொட்டலத்தில் இருப்பது, அதில் இருந்து கணக்கிட்டது, உண்டவரின் சொந்தக் கருத்து. எங்கே, எப்போது, எந்த விலைக்கு வாங்கப்பட்டது, தொகுதி எண் என்ன, பணம் கொடுத்து வாங்கியதா இலவசமாக வந்ததா என்பவையும் முதலிலேயே வர வேண்டும். இலவசமாகப் பெற்றதை மறைப்பது, 2022 ஜூனில் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டு நெறிகளின் நோக்கத்துக்கே எதிரானது. அதே ஆண்டு நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இணைய விமர்சனங்களுக்கென ஐஎஸ் 19000 என்ற தரநிலையையும் வெளியிட்டது. அது விருப்பத்தின்பேரில் பின்பற்றப்படுவது.

மாதிரிப் பெட்டிக்கான விமர்சனம் இப்படி அமையலாம்:

"ராஜபாளையம் பேருந்து நிலையத்தில் பணம் கொடுத்து வாங்கிய 250 கிராம் டப்பா இது, தொகுதி எண்ணும் தேதியும் மூன்றாவது படத்தில் உள்ளன. முன்பக்கத்தில் 'சுத்தமான பசும்பாலில் செய்தது' என்றுள்ளது. பின்பக்கப் பட்டியலில் முதலில் சர்க்கரை, பிறகு பால், அதன்பின் பால் பவுடர். இந்த வரிசைப்படி பாலைவிடச் சர்க்கரை அதிகம். 'புரதம் நிறைந்தது' என்ற வாசகத்துக்குத் தேவையான அளவு அட்டவணையில் இல்லை. கொழுப்பின் அளவு, சொல்லப்பட்ட சேர்பொருள்களில் இருந்து வரக்கூடியதைவிட அதிகமாகத் தெரிகிறது. காரணம் எனக்குத் தெரியாது, நிறுவனத்திடம் கேட்டிருக்கிறேன். பதப்படுத்தும் பொருள் இல்லை என்பதற்கு முரணாக லேபிளில் எதுவும் இல்லை. அயோடின் சோதனையில் நீலநிறம் வரவில்லை. சுவை எனக்குப் பிடித்தது. இனிப்பு மிக அதிகம், பால் மணம் குறைவு. இனிப்புப் பண்டமாக வாங்கலாம். பாலில் சுண்டக் காய்ச்சிய கோவா வேண்டுமென்றால், சேர்பொருளில் பால் முதலில் நிற்கும் டப்பாவைத் தேடுங்கள்."

இதில் "மோசடி", "கலப்படம்", "ஏமாற்று" என்ற சொற்கள் எங்கும் இல்லை. அவை குற்றச்சாட்டுகள், அவற்றை மெய்ப்பிக்க ஆய்வறிக்கை வேண்டும். ஆனால் எந்தத் தகவலும் மென்மையாக்கப்படவும் இல்லை. சாதகமானவையும் (பதப்படுத்தி, அயோடின், சுவை) விடுபடவில்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் இணைத்த படங்களைக் கொண்டு வேறொருவர் சரிபார்த்துக்கொள்ள முடியும்.

நிறுவனம் பதில் தந்தால், உதாரணமாகச் சேர்பொருளில் நெய் விடுபட்டுவிட்டது என்று ஒப்புக்கொண்டால், அந்தப் பதிலைத் தேதியுடன் விமர்சனத்தின் அடியில் சேர்க்க வேண்டும். பழைய வாசகத்தை அழிக்கக் கூடாது. அடுத்த தொகுதியில் லேபிள் திருத்தப்பட்டிருந்தால், புதிய பெட்டியின் படங்களுடன் அதையும் குறிப்பிட வேண்டும். விமர்சனம் பேசியது குறிப்பிட்ட ஒரு தொகுதியைப் பற்றி என்பதால்தான் அந்த எண் முதல் வரியிலேயே இடம்பெறுகிறது. பதிலே வராவிட்டால், மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அதே படங்களையும் கணக்கையும் அனுப்பலாம். தவறான விளம்பரத்துக்குச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு 10 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க இடம் தருகிறது. அதை முடிவு செய்வது அதிகாரியின் வேலை.